யூஎஸ்பி டிபக்கிங்கை அணைத்த பிறகும் வங்கிச் செயலி திறக்க மறுப்பது ஏன்?

கேள்வி: ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகி வருகிறேன். யூஎஸ்பி டிபக்கிங்கை அணைத்துவிட்டேன், போனை ரூட் செய்யவும் இல்லை. ஆனாலும் வங்கிச் செயலி ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இயக்கத்தில் உள்ளது’ என்று சொல்லி மூடிக்கொள்கிறது. நண்பனின் ரூட் செய்த போனிலும் திறக்கவில்லை. இதையெல்லாம் எதற்குச் சோதிக்கிறார்கள்?

பதில்: உங்கள் போனில் நடப்பதும் உங்கள் நண்பரின் போனில் நடப்பதும் வெவ்வேறு சோதனைகள். முதலாவது மிக எளிமையானது. பில்ட் எண்ணை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தபோது, ஆண்ட்ராய்டு தன் பொது அமைப்புகளில் ஒரு மதிப்பை 0-விலிருந்து 1-ஆக மாற்றிக்கொண்டது. டிபக்கிங்குக்குத் தனியாக இன்னொரு மதிப்பு உண்டு. எந்தச் செயலியும் பயனரிடம் அனுமதி கேட்காமலேயே இரண்டையும் படிக்கலாம்:

```kotlin
Settings.Global.getInt(contentResolver,
    Settings.Global.DEVELOPMENT_SETTINGS_ENABLED, 0)
Settings.Global.getInt(contentResolver,
    Settings.Global.ADB_ENABLED, 0)
```

நீங்கள் டிபக்கிங்கை மட்டும் அணைத்ததால் இரண்டாவது மதிப்பு 0 ஆகிவிட்டது. முதலாவது இன்னும் 1-ஆகவே இருக்கிறது. உங்கள் வங்கியின் செயலி அந்த முதலாவதைப் பார்க்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் தலையில் இருக்கும் முதன்மைப் பொத்தானை அணைத்துவிட்டு, செயலியை முழுமையாக மூடித் திறந்தால் சரியாகிவிடும். அதே போனில் இரண்டாவது பயனர் கணக்கோ பணிக் கணக்கோ உருவாக்கி அதில் வங்கிச் செயலியை வைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த அமைப்பு போனில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானது என்பதால் அதனால் பயன் இல்லை.

டிபக்கிங்கைப் பார்த்து வங்கி அஞ்சுவதில் நியாயம் உண்டு. டிபக்கிங் இயக்கத்தில் இருக்கும்போது, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைந்த ஒரு கணினி, திரையைத் தொடுவது போன்ற கட்டளைகளை அனுப்ப முடியும், பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை நிறுவ முடியும், ஒரு செயலிக்கு அணுகல்தன்மைச் சேவை அதிகாரத்தைக்கூட வழங்க முடியும். அந்த அதிகாரம் பெற்ற செயலி, மற்றச் செயலிகளின் திரையில் உள்ளதைப் படித்து, உங்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தும். ஆனால் இதற்கெல்லாம் முன்பாக, அந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும் கேள்விக்குப் போனைத் திறந்து வைத்திருப்பவர் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தந்த பிறகும், அந்தக் கணினியால் வங்கிச் செயலியின் தனிப்பட்ட கோப்புகளைப் படிக்க முடியாது. டிபக்கிங் அணைந்திருக்கும்போது, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பட்டியல் திறந்திருப்பதனால் மட்டும் இவற்றில் எதுவும் நடக்காது. ஆகவே முதலாவது மதிப்பைப் பார்த்தே கதவை மூடுவது தேவைக்கு மீறிய கண்டிப்பு என்பது என் உறுதியான கருத்து. நான் வேலை செய்த ஒரு செயலியில், பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில் ஒரு வரியாக வந்த குறைக்கு ஒரே வரி நிரலில் தீர்வு கிடைத்தது என்பதற்காகவே இந்தச் சோதனை சேர்க்கப்பட்டது. அதனால் தடைபடப்போகிறவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் நண்பரின் போன் வேறு வகை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் ஒன்று வழங்கப்படுகிறது. ஒரு செயலியின் கோப்புகளை இன்னொரு செயலி படிக்காதபடி லினக்ஸ் கெர்னல் அந்த எண்ணை வைத்துத்தான் தடுக்கிறது. ரூட் என்பது எண் 0 கொண்ட தலைமைப் பயனர். அந்த அதிகாரம் பெற்ற நிரலுக்கு இந்தத் தடுப்புச் சுவர் இல்லை. யுபிஐ செயலி முதல்முறை உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அந்த எண்ணையும் அந்தப் போனையும் பிணைத்துக்கொள்கிறது அல்லவா? அந்தப் பிணைப்பின் அடையாளங்கள் போனுக்குள்தான் இருக்கின்றன. ரூட் அதிகாரம் உள்ள தீய நிரல் அந்தக் கோப்புகளைப் படிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் நினைவகத்தில் கைவைத்து அதன் செயல்பாடுகளை மாற்றும், திரைப்பிடிப்பைத் தடுக்கும் ஏற்பாட்டையும் நீக்கும். சிப்புக்குள் பூட்டப்பட்ட ரகசியச் சாவியை அதனால் வெளியே நகலெடுக்க முடியாது. ஆனால் அதே போனில் அந்தச் சாவியைக் கொண்டு கையொப்பமிட வைக்க முடியும், திருடனுக்கு அதுவே போதும்.

இங்கே வங்கிக்கு ஒரு சிக்கல் எழுகிறது. தொடக்க காலச் சோதனைகள் `/system/xbin/su` போன்ற இடங்களில் கோப்பு இருக்கிறதா, ரூட் மேலாளர் செயலி நிறுவப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் தேடின. அந்தத் தேடலுக்கு விடை சொல்வது அந்தப் போனின் இயங்குதளமே. ரூட் செய்யப்பட்ட இயங்குதளம் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பொய் சொல்லும். மேஜிஸ்க் போன்ற கருவிகளைக் கொண்டு மறைப்பவர்கள் செய்வது இதைத்தான். எனவே கேள்வியை இயங்குதளத்திடம் கேட்காமல், அதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் வன்பொருளிடம் கேட்கும் முறை வந்தது. போன் தொடங்கும்போது, இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடர், தான் பூட்டப்பட்டிருக்கிறதா, ஏற்றிய மென்பொருள் தயாரிப்பாளரின் கையொப்பம் கொண்டதா என்ற செய்தியைச் சிப்பின் பாதுகாப்புப் பகுதிக்குத் தருகிறது. அந்தப் பகுதி, தனக்குள் பூட்டப்பட்ட சாவியால் கையொப்பமிட்டு ஒரு சான்றிதழைத் தருகிறது. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனைச் சேவை இதையும் வேறு குறிப்புகளையும் கொண்டு `MEETS_DEVICE_INTEGRITY`, `MEETS_STRONG_INTEGRITY` போன்ற தீர்ப்புகளை வழங்குகிறது. அந்தத் தீர்ப்பைப் போனுக்குள் வைத்துச் சரிபார்க்காமல் வங்கியின் சர்வரில் சரிபார்க்க வேண்டும். போனுக்குள் உள்ள செயலியைத்தான் மாற்றி எழுதிவிடலாமே. இந்த முறையும் முழுமையானதல்ல. ஏதோ ஒரு மாடலின் சாவி வெளியே கசிந்தால், அது தடைப்பட்டியலில் ஏறும் வரை போலிச் சான்றிதழ்கள் செல்லுபடியாகும்.

இதன் விளைவை என் உறவினர் ஒருவருடைய போனில் கண்டேன். கைமாறி வாங்கிய போன். அவர் எந்த அமைப்பையும் தொட்டதில்லை. ஆனாலும் வங்கிச் செயலி ‘ரூட் செய்யப்பட்ட சாதனம்’ என்றது. போனை அணைத்துப் போட்டபோது, பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை சில நொடிகள் தோன்றி மறைந்தது. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘அறிமுகம்’ பகுதியில், சாதனம் சான்றளிக்கப்படவில்லை என்றும் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் வேறு இயங்குதளம் ஏற்றியிருக்கிறார். ரூட் என்று எதுவும் இல்லாவிட்டாலும், பூட்லோடரில் தொடங்கும் நம்பிக்கைச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்துவிட்டது. தரவுகளைப் பிரதியெடுத்துவிட்டு, தயாரிப்பாளரின் அசல் மென்பொருளை முழுமையாக ஏற்றி, அதன் பிறகே பூட்லோடரைப் பூட்டினோம். இந்த வரிசை முக்கியம்: பூட்டும்போது போனில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும், அசல் அல்லாத மென்பொருள் இருக்கும்போது பூட்டினால் போன் தொடங்காமலே போகலாம்.

விதிமுறை என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் பணப்பரிவர்த்தனைப் பாதுகாப்பு நெறிமுறை, சாதனம் அடிப்படைத் தகுதிகளை நிறைவு செய்தால் மட்டுமே செயலி இயங்க வேண்டும் என்பதையும், தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளை இயன்றவரை அடையாளம் காண வேண்டும் என்பதையும் கட்டுப்பாடுகளில் சேர்த்திருக்கிறது. எந்த அளவுக்குக் கண்டிப்பு என்பதில் வங்கிக்கு வங்கி வேறுபாடு இருப்பதால்தான், ஒரே போனில் ஒரு செயலி ஓடுகிறது, இன்னொன்று மறுக்கிறது.

உங்கள் நண்பர் மறைக்கும் கருவிகளைத் தேடாமல், பணத்துக்கு ரூட் இல்லாத வேறு போனைப் பயன்படுத்துவதே நல்லது. நீங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரிலோ, சிம் இல்லாத பழைய போன் ஒன்றிலோ செய்யுங்கள். சொந்தப் போனில்தான் சோதிக்க வேண்டிய நாளில், வேலை முடிந்ததும் முதன்மைப் பொத்தானை அணைத்துவிடுங்கள். மறுநாள் பில்ட் எண்ணை மீண்டும் 7 முறை தட்ட வேண்டியிருக்கும்.