‘ஆம், இல்லை’ என்று மட்டும் கேட்பவரிடம்

“பணியாளர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஊழியர் ஏன் விலகினார் என்று வெளியாள் ஒருவர் தினமும் அழைத்துக் கேட்கிறார். ‘உடல்நலக் காரணமா, ஆம் இல்லை மட்டும் சொல்லுங்கள்’ என்கிறார்.”

அதற்கு ‘இல்லை’ என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு காரணமாகக் கேட்டுக்கொண்டே போய், நீங்கள் மறுக்கத் தயங்கும் இடத்தில் விடையைப் பிடித்துவிடுவார். “ஊழியர்களைப் பற்றிய எந்த விவரத்தையும் வெளியாருக்கு நாங்கள் உறுதிப்படுத்துவதுமில்லை, மறுப்பதுமில்லை, தங்கள் கோரிக்கையை எழுத்தில் அனுப்பினால் உரிய அலுவலரிடம் சேர்க்கிறேன்” என்று சொல்லி, அவர் எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே சொற்களையே திரும்பச் சொல்லுங்கள். ‘மேலாளர் ஊரில் இல்லை’ போன்ற சாக்கு வேண்டாம். மேலாளர் திரும்பிய நாளில் அவரும் திரும்புவார். மூன்றாம் முறையும் வற்புறுத்தினால், அழைப்பை முடிப்பதாக அறிவித்துவிட்டு முடியுங்கள். அழைத்த நேரத்தையும் கேட்டவற்றையும் குறித்து, உடன் பணிபுரிவோருக்கும் அன்றே தெரிவியுங்கள், ஏனெனில் அடுத்து அவர்களைத்தான் அழைப்பார்.