செட்டாப் பாக்ஸுக்கு மாறியதும் டிவி ஏன் பேசுவதை நிறுத்திவிடுகிறது?

கேள்வி: அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆண்ட்ராய்டு டிவி வாங்கி, அதில் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வசதியை இயக்கிக் கொடுத்தேன். முகப்புத் திரையில் எல்லாவற்றையும் வாசிக்கிறது. செட்டாப் பாக்ஸுக்கு மாறினால் ஒரு சொல்கூட வருவதில்லை. சில செயலிகளிலும் விட்டு விட்டுத்தான் வாசிக்கிறது. கோளாறான டிவியா? வேறு மாற்றிவிடலாமா?

பதில்: டிவியை மாற்றாதீர்கள். எந்த நிறுவனத்தின் டிவியை வாங்கினாலும் செட்டாப் பாக்ஸின் பட்டியலை அது வாசிக்காது. சாம்சங்கில் இதே வசதியின் பெயர் Voice Guide, எல்ஜியில் Audio Guidance. அவையும் அந்த இடத்தில் மௌனமாகத்தான் இருக்கும்.

டாக்பேக் நம்மைப் போலத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒரு செயலி தன் திரையை அமைக்கும்போது, “இது ஒரு பொத்தான், இதன் பெயர் தேடல்” என்று டிவியின் இயங்குதளத்திடம் எழுத்தாகச் சொல்லிவைக்கிறது. ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அந்தப் பொத்தானுக்கு வந்ததும், சொல்லிவைத்த அந்த எழுத்தைத்தான் டாக்பேக் குரலாக்குகிறது. செட்டாப் பாக்ஸின் சேனல் பட்டியலோ பாக்ஸுக்குள்ளேயே வரையப்படுகிறது. ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவிக்கு வருவது முடிந்துபோன படமும் ஒலியும் மட்டுமே. அதில் தெரியும் சேனல் பெயர், டிவியைப் பொறுத்தவரை வண்ணப் புள்ளிகளின் கூட்டம்தான். வாசிக்க அங்கே எழுத்தே இல்லை.

இதை உறுதிசெய்துகொள்வது எளிது. செட்டாப் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவி ரிமோட்டில் முகப்புப் பொத்தானை அழுத்துங்கள். உடனே குரல் வந்தால் டாக்பேக் நலமாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தப் பாக்ஸைத்தான். அதுவும் ஆண்ட்ராய்டு டிவியில் இயங்கும் வகை என்றால், அதற்குள்ளேயே தனியாக ஒரு டாக்பேக் இருக்கும். பாக்ஸின் ரிமோட்டால் Settings திறந்து, System அல்லது Device Preferences என்பதற்குள் போனால் Accessibility இருக்கும்; அதில் TalkBack. அதே இடத்தில் Accessibility shortcut என்பதையும் இயக்கிவிடுங்கள். அதன் பிறகு, பின்செல்லும் பொத்தானையும் கீழ் அம்புக்குறியையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் குரல் வரும். மறுபடி அதேபோல் அழுத்தினால் நிற்கும். டிவியிலும் இதைச் செய்துவையுங்கள். வீட்டில் மற்றவர்கள் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று டாக்பேக்கை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அதை இயக்கும் மெனுவைக் கண்டுபிடிக்கவே கண் வேண்டும். இந்த இரண்டு பொத்தான்கள் கையில் பழகிவிட்டால், அம்மா யாரையும் கூப்பிடாமல் தாமே இயக்கிக்கொள்வார். ஆகவே நீங்கள் அருகில் இருக்கும்போதே பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாக்ஸ் சாதாரண வகையாக இருந்தால் குரலுக்கு வழியில்லை. எண்களை நம்ப வேண்டியதுதான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இப்படி அமைத்துக் கொடுத்தேன். அவர் வழக்கமாகப் பார்ப்பவை ஆறே சேனல்கள். அவற்றின் எண்களை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். ரிமோட்டில் 5-ஆம் எண்ணின் மேல் சிறு புடைப்பு இருக்கும். பெருவிரல் முதலில் அதைத் தேடிப் பிடித்தது, பிறகு மற்ற எண்கள் தாமாகவே வந்தன. டிவி ரிமோட்டும் பாக்ஸ் ரிமோட்டும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்ததால், பாக்ஸ் ரிமோட்டில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தோம். டிவியை இயக்கியதும் நேராக ஹெச்டிஎம்ஐ-க்குப் போகும்படி அமைப்புகளில் மாற்றினேன். அந்த வசதி எல்லா டிவியிலும் இருக்காது, தேடிப் பாருங்கள்.

இந்த ஏற்பாடு ஒரே இடத்தில்தான் அவரைக் கைவிட்டது. சந்தா முடிந்த அறிவிப்பு ஒருநாள் திரை நடுவே வந்து நின்றது. அதுவும் வெறும் படம்தான். ஒலி நின்றுவிட, கேபிள் கழன்றுவிட்டதென்று நினைத்து நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு, ஒலி திடீரென நின்றால் கேபிளைத் தொடாமல் மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டுத் திரையைக் காட்டுவது என்று முடிவு செய்துகொண்டார். உங்கள் அம்மாவிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி, செயலிகளில் குரல் விட்டு விட்டு வருவது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அருகில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டால் எது என்று பிடிபடும். ஆங்கிலத்தில் எழுதிய தலைப்புகளை வாசித்து, தமிழ் எழுத்தில் உள்ள தலைப்புகளுக்கு மட்டும் மௌனமாகிறதா? அப்படியானால் குரல் ஆங்கிலத்தில் அமைந்திருக்கிறது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. “இன்றைய செய்திகள்” என்ற தலைப்பை அப்படியே தாண்டிப் போய்விடும். Accessibility பகுதியிலேயே Text to speech என்று இருக்கும். அங்கே மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். தமிழ்க் குரல் இல்லையென்றால் அதன் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழ்க் குரல் ஆங்கிலச் சொற்களையும் நம் உச்சரிப்பில் சமாளித்து வாசித்துவிடும் என்பதால், இரு மொழியும் கலந்து வரும் திரைக்கு அதுவே பொருத்தம். பேச்சு வேகத்தையும் அங்கேயே ஒரு படி குறையுங்கள். பார்வை இழந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் மிக வேகமான குரலைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு அந்த வேகம் இரைச்சலாகவே படும். சிலர் தொடக்கத்திலேயே டாக்பேக்கை ஒதுக்கிவிடுவதும் இதனால்தான்.

மொழி எதுவானாலும் சில பொத்தான்களில் வெறுமனே “பொத்தான்” என்று மட்டும் சொல்கிறது, அல்லது நகரும் ஓசை மட்டும் கேட்கிறது என்றால் அது செயலியைச் செய்தவர்களின் தவறு. பொத்தானுக்குப் படத்தை வைத்தவர்கள் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார்கள். டிவியின் எந்த அமைப்பும் இதைச் சரிசெய்யாது. ஆனால் அந்தத் திரையையே தவிர்க்கலாம். ரிமோட்டில் மைக் பொத்தான் இருந்தால், அதை அழுத்தி நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் பல செயலிகளில் நேராக அந்த நிகழ்ச்சிக்கே போய்விடலாம். அம்மாவுக்குக் கைப்பேசியில் டாக்பேக் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அதே செயலியைக் கைப்பேசியில் திறந்து, அங்கே தேர்ந்தெடுத்து, காஸ்ட் வழியாக டிவிக்கு அனுப்பலாம். செயலிகளின் கைப்பேசிப் பதிப்பு டிவிப் பதிப்பைவிடப் பெரும்பாலும் ஒழுங்காக வாசிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

செயலிக்காரர்களுக்குப் புகார் எழுதவும் தயங்காதீர்கள். “வாசிக்கவில்லை” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தத் திரை, இடமிருந்து எத்தனையாவது பொத்தான், அப்போது டாக்பேக் என்ன சொன்னது, செயலியின் பதிப்பு எண் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். விடுபட்ட பெயரைச் சேர்ப்பது நிரலில் ஒரு வரி வேலை. எந்த இடம் என்று தெரிந்தால் அடுத்த பதிப்பிலேயே அவர்களால் சேர்த்துவிட முடியும்.