ஓட்டையில் நுழைகிறது, சார்ஜ் ஏன் ஏறவில்லை?

மஞ்சள் காட்டுக்கு ராத்திரி தண்ணி பாய்ச்சப் போக, நெற்றியில் மாட்டும் லைட் ஒன்று வாங்கினேனுங்க. டைப்-சி ஓட்டைதான். மகனுடைய புது போன் சார்ஜரில், இரண்டு முனையும் சி உள்ள ஒயரில் போட்டால் சிவப்பு விளக்கே எரிவதில்லை. லைட் போச்சுங்களா? (கோபி)

பெரும்பாலும் லைட்டில் கோளாறு இருக்காதுங்க. வீட்டில் பழைய சார்ஜர், அதுதான் அகலமான யூஎஸ்பி ஓட்டை உள்ளது, கிடக்கும். ஒரு முனை அகலம், மறு முனை சி உள்ள ஒயரை அதில் மாட்டிப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் விஷயம் இதுதான்.

பழைய சார்ஜரை பிளக்கில் சொருகியதுமே அதன் ஓட்டையில் 5 வோல்ட் தயாராக நிற்கும். எதை மாட்டினாலும் கொடுக்கும். சி ஓட்டை உள்ள சார்ஜர் அப்படி இல்லை. மறுமுனையில் கரண்ட் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திறந்துவிடும். அதைத் தெரிவிக்க டைப்-சியில் சிசி என்று தனியாக இரண்டு பின் உண்டு. கருவிக்குள்ளே அந்த ஒவ்வொரு பின்னுக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்திருக்க வேண்டும். மலிவு லைட், டிரிம்மர், நெக்பேண்ட் செய்கிறவர்கள் பலர் பழைய மைக்ரோ யூஎஸ்பி போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் சி-யாக மாற்றிவிடுகிறார்கள். சில பைசா ரெசிஸ்டரை மிச்சம் பிடிப்பதால் சார்ஜருக்கு ஆள் இருப்பதே தெரிவதில்லை.

சிலவற்றில் ஒரே ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும். அப்போது முனையைத் திருப்பிப் போட்டால் ஏறும், மறுபடி திருப்பினால் ஏறாது. இரண்டு சார்ஜரிலும், எப்படித் திருப்பினாலும் ஏறவில்லை என்றால்தான் ஓட்டையையோ பேட்டரியையோ சந்தேகப்பட வேண்டும். ரெசிஸ்டரைச் சேர்த்துத் தரச் சொல்லி கடைக்கு அலைவது இந்த விலை லைட்டுக்குக் கட்டுப்படியாகாது. அகல முனை ஒயர் ஒன்றை அதோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.

அம்மாவின் பழைய போன் வி8 பின். வீட்டில் இப்போது சி சார்ஜர் மட்டும்தான். ஒரு பக்கம் சி, மறுபக்கம் வி8 உள்ள ஒயர் வாங்கினால் இதே கதி ஆகுமா? (பீளமேடு)

ஆகாது. நம்மூர்க் கடைகளில் வி8 என்று சொல்லும் மைக்ரோ யூஎஸ்பிக்கான அந்த ஒயரில், சி முனைக்குள்ளேயே தேவையான ரெசிஸ்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒழுங்கான ஒயராக இருந்தால் சார்ஜர் உடனே 5 வோல்ட் கொடுத்துவிடும். மைக்ரோ கருவி தப்பித்துக்கொள்கிறது, அரைகுறையாக சி-க்கு மாறியதுதான் மாட்டிக்கொள்கிறது! வாங்கும்போது டேட்டாவும் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜுக்கான கம்பி மட்டும் உள்ள ஒயர்களும் விற்கிறார்கள். அதில் சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டரில் போன் தெரியவே தெரியாது.

பனியன் கம்பெனியில் வேலை. ஐபோன் 11-இல் ஒயரை அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. ஓட்டையை மாற்றச் சொல்கிறார்கள். (திருப்பூர்)

மாற்றுவதற்கு முன்னால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பேன்ட் பையில் இருக்கும் போனில் ஒயரைச் சொருகும் ஒவ்வொரு தடவையும் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்பட்டு, அடியில் கெட்டியான பட்டையாகிவிடும். உங்கள் ஊரில் சொல்லவே வேண்டாம். ஒயர் முழுக்க இறங்காமல் துளி வெளியே நின்றால் இதுதான் காரணம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாக மெதுவாக நெம்பி எடுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் கூடாது. லைட்னிங் ஓட்டைக்குள் நடுவில் ஒன்றும் இல்லை என்பதால் வேலை சுலபம். மைக்ரோவிலும் சி-யிலும் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அது உடைந்தால் அப்புறம் ஓட்டையை மாற்றத்தான் வேண்டும்.

ஒயர் முனையையும் பாருங்கள். தங்க நிறப் பட்டைகளில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் ஒயருக்கு ஆயுள் முடிந்தது. புதிதாக வாங்குவதாக இருந்தால் சி-லைட்னிங் ஒயரே வாங்குங்கள். 20 வாட் சி சார்ஜரோடு உங்கள் போன் அரை மணியில் பாதி வரை ஏறும். ஐபோன் 8-க்கு முந்தைய மாடல்களுக்கு இந்தச் செலவு வீண், அவற்றுக்கு வேக சார்ஜ் கிடையாது.

கல்யாண போட்டோ வைத்திருக்கும் ஹார்டு டிஸ்கில் இரண்டு முனை ஒட்டிய மாதிரி அகலமான ஓட்டை. வி8 ஒயர் அதில் பாதியில் நுழைகிறது. போடலாமா? (ஈரோடு)

நுழையும், கெடுதல் இல்லை. அது மைக்ரோவின் 3.0 வடிவம். பாதியில் மட்டும் மாட்டினால் பழைய 2.0 வேகத்தில்தான் ஓடும், கரண்ட் போதாமல் டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்றும் போகலாம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க் ஒயர் என்றே கேட்டு வாங்குங்கள்.