மெனோபாஸ் பற்றி அலுவலகக் கூட்டத்தில் பேசப் போகிறீர்களா?

"எனக்கு 51 வயது. காப்பீட்டு நிறுவனக் கிளை ஒன்றில் முதுநிலை மேலாளர். மொத்தம் 30 பேர், பாதிக்குமேல் ஆண்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் மெனோபாஸ் பற்றிப் பத்து நிமிடம் வெளிப்படையாகப் பேசலாம் என்றிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது, என்னைப் பற்றி எவ்வளவு சொல்வது, பேசிய பிறகு என்னை வேறு மாதிரி பார்ப்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது."

"மெனோபாஸ் என்றால் என்ன" என்று பாடம் எடுப்பதுபோல் ஆரம்பிக்காதீர்கள். மகளிர் நல மருத்துவராகப் பல அலுவலகங்களில் பேசியிருக்கிறேன், விளக்கத்தோடு ஆரம்பித்த நாட்களில் ஆண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் அதற்கும் கீழே. வேலை நேரத்தில் உங்களுக்கு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். ஒன்றே போதும். நான் என்னுடையதைச் சொல்வேன்: வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறி, மருந்துச்சீட்டில் என் வியர்வை சொட்டி மை கலைந்துபோனது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தன் கையிலிருந்த ஸ்கேன் கவரால் எனக்கு விசிறினார். அதைச் சொன்னதும் அறையில் ஒரு இறுக்கம் விட்டுப்போகும், அதன் பிறகு காரணம் சொன்னால் கேட்பார்கள்.

காரணத்தை இப்படிச் சொல்லலாம். மூளையில் உடம்பின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்தப் பகுதியின் பொறுமை குறைந்துவிடுகிறது, உடம்பின் சூடு இம்மி ஏறினாலே ரொம்ப ஏறிவிட்டதாக நினைத்து, சூட்டை வெளியேற்றத் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும், அப்புறம் குளிரும். ஏ.சி.யைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் நீங்களே கூட்டச் சொல்வது ஏன் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது யோசித்திருப்பார்கள், அவர்களுக்கு இதுதான் பதில். இதே சூடு ராத்திரியில் வந்து மூன்று நான்கு முறை எழுப்பிவிட்டால், மறுநாள் தெரிந்த வாடிக்கையாளரின் பெயரே தொண்டையில் நிற்கும். தூக்கக்கெடுதி, ஹார்மோன் ஏற்ற இறக்கம் இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை இது, பெரும்பாலானவர்களுக்குப் போகப்போகச் சரியாகும். மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று பயந்து என்னிடம் அழுத பெண்கள் உண்டு, அதனால் இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லுங்கள்.

பேசுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடுவது உதிரப்போக்கை. மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை, நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் தள்ளிப்போய், திடீரென்று கொட்டும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் எழுந்துபோக வழியில்லாமல், நாற்காலியில் கறை படுமோ என்று உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு உங்கள் பேச்சு ஒன்றும் செய்யாது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை செய்யும். கழிப்பறைச் சாவி காவலரிடம் இருக்கிறதா, உள்ளே தண்ணீரும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கின்றனவா என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். "சாவி இனிமேல் உள்ளேயே இருக்கும்" என்று ஆண்கள் முன்னால் சாதாரணமாக அறிவிப்பது, விழிப்புணர்வு பற்றி ஐந்து நிமிடம் பேசுவதைவிட நல்லது.

உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது? வேலையைத் தொடுகிற அளவுக்கு. சூடு, தூக்கம், இடைவேளை, இவ்வளவுதான். தாம்பத்தியம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் வேண்டாம், யாராவது கேட்டாலும் "அது எனக்கும் டாக்டருக்கும்" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். உங்கள் பயத்தையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தலைமைக் கணக்கர் தன் பிரிவில் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "நான் திடீரென்று வியர்த்து எழுந்துபோனால் பதற வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன். என் கணக்கில் தப்பு இருந்தால் எப்போதும்போலச் சொல்லுங்கள், வயசு என்று விட்டுவிடாதீர்கள். நான் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு என்ன காரணம் என்று என்னிடமே கேளுங்கள், மெனோபாஸா என்று கேட்காதீர்கள். என் மேசைக்கு ஒரு சின்ன மின்விசிறி கேட்டிருக்கிறேன், வேறு யாருக்கு வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் கேட்கலாம்." ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. அந்தக் கடைசி வாக்கியம்தான் மற்ற பெண்களுக்குக் கதவைத் திறந்தது, ஏனென்றால் விசிறி வாங்க யாரும் தன் உடம்பைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "இங்கே வேறு யாருக்கெல்லாம்?" என்று கேட்கவோ, யாரையும் பார்த்துத் தலையசைக்கவோ கூடாது. "ஐம்பதைத் தொட்ட நாங்கள்" என்றும் பேச வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது, அதற்குச் சில வருடம் முன்பே தொந்தரவு ஆரம்பிக்கும் என்பதால் 42 வயதுக்காரருக்கும் இது இருக்கலாம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட 35 வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் வந்துவிடும், அதுவும் கடுமையாக. அவர் உங்கள் அறையிலேயே இருக்கக்கூடும், சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி நேரத்தில் "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வருமாமே" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றுக்குப் பிறகு பரவிய பயம் அது. அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் 60-ஐ நெருங்கியவர்களும் தாண்டியவர்களும். 60 வயதுக்குள் இருந்து, மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள், தொந்தரவும் அதிகமாக இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் அதிகம் என்பது இப்போதைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கும் பொதுவாக இதைத் தருவதில்லை. அதனால் மாத்திரைப் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள், "டாக்டரிடம் கேளுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். நீங்கள் மேலாளர், உங்கள் வாயிலிருந்து வந்தால் அது உத்தரவு மாதிரி ஆகிவிடும். மருத்துவ விஷயமாக நீங்கள் தைரியமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், அல்லது மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குத் தொடர்ந்து போனாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "இந்த வயசில் இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு ஆறு மாதம் கழித்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

பேசி முடித்த உடனே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில், வேறு ஏதோ கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வருவார், "அக்கா, ஒரு நிமிஷம்" என்பார். ஆணாகவும் இருக்கலாம், மனைவிக்காகக் கேட்பார். அவரிடம் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள்: கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும், வாரத்தில் எத்தனை ராத்திரி தூக்கம் கெடுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.