பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டா, மத்தியா?

"காரைக்குடியில் மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. பால் ஊற வாரம் இரண்டு முறை சுறாப்புட்டு செய்கிறோம். சுறாவில் பாதரசம் என்கிறார்களே, வேறு எந்த மீன் கொடுக்கலாம்?"

சுறாவை நிறுத்திவிட்டு மத்தி கொடுங்கள். சின்ன மீனிலுள்ள மெத்தில் பாதரசம் அதைத் தின்னும் மீனில் சேர்ந்துகொண்டே போகும். நீண்டகாலம் வாழும் சுறாவில் அது மிக அதிகம். அமெரிக்க அளவீடுகளின் சராசரி கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில், மத்தியிலோ 0.013தான். அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் மஞ்சள் போட்டு அவித்தாலும், தோலை உரித்தாலும், நீரைப் பிழிந்தாலும் போகாது. தாய்ப்பாலிலும் ஓரளவு இறங்கும். உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும்.

இதில் வேடிக்கை, சுறா தன் எண்ணெயை ஈரலில்தான் வைத்திருக்கிறது. புட்டுக்கு உதிர்க்கும் சதையில் கொழுப்பு குறைவு. மத்தியில் எண்ணெய் சதையிலேயே இருக்கிறது: 100 கிராமில் சுமார் 1 கிராம் ஒமேகா-3. வாரத்துக்கு 250 முதல் 300 கிராம், இரண்டு வேளையாகப் போதும். வறுத்தால் மீன் எண்ணெயில் கொஞ்சம் சட்டியில் தங்கிவிடும். புளிக்குழம்பானால் சோற்றோடு வந்துவிடும்.

புட்டுதான் வேண்டுமென்றால் மத்தியை அவித்து, நடுமுள்ளை உருவி உதிர்த்து, அதே பூண்டு, சின்ன வெங்காயத்தில் கிளறுங்கள். பெரிய வஞ்சிரமும் வேட்டை மீன்தான், அதை மாற்றாக எடுக்க வேண்டாம்.