அதே கிரியேட்டினின் 1.6: மாமாவுக்கு மூன்று மாத்திரை, அம்மாவுக்கு ஏன் ஒன்று?

"எங்க அம்மாவுக்கு வயசு 70, எடை 45 கிலோ. ரொம்ப வருஷமா சுகர், பி.பி. கால் எரிச்சலுக்கு கபாபென்டின் 300 மூணு வேளை எழுதிக் கொடுத்தாங்க. முதல் சில நாள் நல்லா இருந்தாங்க. ரெண்டாவது வாரம் ஒரே தூக்கம், நடந்தா தள்ளாட்டம், கையில பிடிச்ச டம்ளர் நழுவுது. பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தா கிரியேட்டினின் 1.6, இ.ஜி.எஃப்.ஆர். 34. ராத்திரிக்கு ஒண்ணு போதும்னு குறைச்சுட்டாங்க. இப்ப தெளிவா இருக்காங்க, ஆனா எரிச்சல் கொஞ்சம் திரும்புது. காசிமேட்டுல இருக்கிற எங்க மாமாவுக்கும் அதே 1.6தான். 52 வயசு, 74 கிலோ, ஹார்பர்ல மூட்டை தூக்குறவர். அவர் இதையே மூணு வேளை போடுறார், ஒண்ணும் ஆகல. அம்மாவுக்கு இன்னொண்ணு சேர்த்துக் கொடுக்கலாமா? பி.பி., கொழுப்பு மாத்திரையை மட்டும் ஏன் குறைக்கல?"
– வாசகர், தண்டையார்பேட்டை

நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அளவைக் கூட்ட இடம் இருக்கிறது, ஆனால் அதை எப்படி, எத்தனை நாள் இடைவெளியில் கூட்டுவது என்பது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. காரணத்தைச் சொல்கிறேன்.

சிறுநீரகம் பழுதானவருக்கு மாத்திரையைக் குறைத்தால், அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றுதான் நிறைய பேர் எடுத்துக்கொள்கிறார்கள். கபாபென்டின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது உடம்பை விட்டு வெளியேறும் ஒரே வழி சிறுநீரகம், அவ்வளவுதான். கல்லீரல் இந்த மருந்தைத் தொடுவதே இல்லை. விழுங்கியதில் குடல் உறிஞ்சிய பகுதி முழுவதும் மாறாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் இதற்கு நேர் எதிர். அதை உடைப்பது பெரும்பாலும் கல்லீரல், ஆனால் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் கெடுதல் செய்யும். எது கெடுக்கும் என்பது ஒரு கேள்வி, எது தேங்கும் என்பது வேறு கேள்வி. உங்கள் அம்மாவுக்கு நடந்தது இரண்டாவது.

பி.பி., கொழுப்பு மாத்திரைகளைக் குறைக்காததற்கும் இதுவே விடை. அம்லோடிபினைக் கல்லீரல் செயலற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அடோர்வாஸ்டாடின் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் வெளியேறுகிறது. பெரும்பாலும் இவற்றைத்தான் எழுதுவார்கள் என்பதால் சொல்கிறேன். அம்மாவின் சீட்டில் வேறு பெயர் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பி.பி. மாத்திரைகளிலேயே அடெனோலால் போன்ற சில சிறுநீரகம் வழியாகப் போகின்றன.

இப்போது அந்த 1.6. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. மூட்டை தூக்கும் மனிதரின் உடம்பில் தசை அதிகம், அதனால் தினமும் உருவாகும் கிரியேட்டினினும் அதிகம். 70 வயதில் 45 கிலோ இருக்கும் அம்மாவின் உடம்பில் அது குறைவாகவே உருவாகிறது. குறைவாக உருவாகியும் ரத்தத்தில் 1.6 நிற்கிறது என்றால், வெளியேற்றும் வேகம் அந்த அளவுக்கு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான். சிறுநீரகத்தின் நிலை ஒன்றல்ல.

வயது, எடை, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து இந்த வேகத்தை மதிப்பிட காக்ராஃப்ட்–கால்ட் என்ற சூத்திரம் இருக்கிறது. 1976-ல் வந்தது, பழையதுதான். ஆனால் கபாபென்டினின் அளவு அட்டவணை கிரியேட்டினின் கிளியரன்ஸ் எனப்படும் இந்த வெளியேற்றும் வேகத்தை வைத்தே போடப்பட்டது, அந்தக் கணக்குக்கு இன்றும் இதுதான் வழக்கம். பெண்களுக்குக் கடைசியில் 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

```
அம்மா: (140 − 70) × 45 × 0.85 ÷ (72 × 1.6) = 23
மாமா:  (140 − 52) × 74 ÷ (72 × 1.6) = 57
```

விடை நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று வரும். அதாவது ஒரு நிமிடத்தில் அம்மாவின் சிறுநீரகம் சுமார் 23 மில்லி ரத்த நீரிலிருந்து கிரியேட்டினினைத் துடைத்தெடுக்கிறது. கபாபென்டின் வெளியேறும் வேகமும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் ஏறி இறங்கும். 30 முதல் 59 வரை இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 400 முதல் 1400 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். மாமாவின் 900 அதற்குள் அடங்குகிறது. 15 முதல் 29 வரை என்றால் 200 முதல் 700 வரை, அதுவும் ஒரே வேளையாக. அம்மா இந்த வரிசையில் இருக்கிறார்.

ரிப்போர்ட்டில் 34 என்று இருக்கிறதே, பிறகு 23 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். லேப் அச்சடிக்கும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடுதான், ஆனால் உடம்பின் மேற்பரப்பு 1.73 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. எடை அதில் வராது. சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க அது சரியான எண். ஆனால் சின்ன உடம்புக்காரருக்கு மருந்து அளக்கும்போது அது நிலைமையைக் கொஞ்சம் நல்லதாகக் காட்டிவிடும். 34-ஐ நம்பினால் அம்மா மாமாவின் வரிசைக்குப் போய்விடுவார்! நம் ஊரில் 40, 45 கிலோ பாட்டிகள் நிறைய. எடை பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அடுத்தது, ஏன் முதல் வாரம் சரியாக இருந்து இரண்டாம் வாரம் கவிழ்ந்தது? மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் மாறவில்லை, போகும் குழாய் மட்டும் அடைத்துக்கொண்டது. தொட்டி உடனே நிரம்பாது, மட்டம் மெல்ல ஏறும். ஏற ஏற அழுத்தம் கூடி, வருவதும் போவதும் சமமாகும் இடத்தில் நிற்கும். நல்ல சிறுநீரகம் இருப்பவருக்கு கபாபென்டினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஆறரை மணி நேரம் ஆகும். கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனவர்களுக்கு அது சராசரியாக 52 மணி நேரம். எந்த மருந்தும் ஒரே மட்டத்தில் நிலைக்க இந்தப் பாதி நேரத்தைப் போல் நாலைந்து மடங்கு காலம் பிடிக்கும். மாமாவின் வயதில் நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது ஒன்றரை நாளுக்குள் முடிந்துவிடும். அம்மாவுக்கு ஒன்பது பத்து நாள். முதல் நாளே தூக்கம் வந்திருந்தால் மாத்திரைமேல் சந்தேகம் வந்திருக்கும். பத்தாம் நாள் வந்தால் "வயசாச்சு, வெயில் வேற" என்று விட்டுவிடுவோம்.

நிலைத்த பிறகு மட்டம் எவ்வளவு? கிளியரன்ஸ் 92 இருப்பவரோடு ஒப்பிட்டால் அம்மாவின் 23 நாலில் ஒரு பங்கு. ஆகவே அதே மாத்திரைக்கு ரத்தத்தில் நாலு மடங்கு சேரும். அம்மா போட்ட 900, நல்ல சிறுநீரகம் உள்ளவர் 3600 போட்டதற்குச் சமம். அது இந்த மருந்தின் உச்ச அளவு; படிப்படியாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவர் நேராகப் போயிருக்கிறார். உண்மையில் இதைவிடவும் கூடுதல்தான், ஏனென்றால் அளவு ஏற ஏற குடல் உறிஞ்சும் பங்கு குறையும். சின்ன அளவாகப் போட்டு அது தேங்கியவருக்கு அந்தத் தடை கிடையாது. இதே கணக்கில் இப்போது போடும் இரவு மாத்திரை ஒன்று, மற்றவர் ஒரு நாளில் நாலு போடுவதற்குச் சமம். ஒன்றுதானே என்று குறைவாக நினைக்க வேண்டாம்.

எரிச்சலுக்கு என்ன செய்வது? 300-லிருந்து 700-க்குள் இடம் இருக்கிறது. 100 மில்லிகிராமிலும் இந்த மருந்து கிடைக்கிறது. டாக்டர் 400 ஆக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் பத்து நாளாவது பொறுத்து, தூக்கமும் தள்ளாட்டமும் இல்லையா என்று பார்த்துத்தான் அடுத்த படி. மூன்று நாள் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று கூட்டுவதுதான் மறுபடி பழைய இடத்தில் கொண்டுபோய் விடும். ப்ரீகாபாலினுக்கு மாற்றினால் பிரச்சினை தீராது, அதுவும் சிறுநீரகம் வழியாகவே போகிறது. டூலோக்ஸெடினைக் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனால் தவிர்ப்பார்கள். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கல்லீரல் வழி மருந்து, ஆனால் இ.சி.ஜி. பார்த்த பிறகே கொடுக்க வேண்டும், வயதானவர்களுக்கு அதுவும் தள்ளாட்டம் தரும். எதுவானாலும் டாக்டரிடம் பேசிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடையில் "நரம்புக்குச் சத்து மாத்திரை" என்று கேட்டால் கையில் வருவது சில சமயம் மெத்தில்கோபாலமினோடு ப்ரீகாபாலினோ கபாபென்டினோ கலந்த மாத்திரை. அட்டையின் முன்னால் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர், கலவை பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். வைட்டமின் என்று நினைத்து இரண்டாவது டோஸ் உள்ளே போகும். தூக்க மாத்திரை, ட்ரமடால், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை இவையும் இதோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் அளவுக்குப் போகலாம்.

டம்ளர் நழுவியது கை பலவீனத்தால் அல்ல. மருந்து தேங்கும்போது தசை ஒரு கணம் தானாக விட்டுப்போகும், சில சமயம் வெட்டி இழுக்கும். இரண்டு கையிலும் வரும். மறுபடி அப்படியோ, பேச்சு குழறியோ, ஆள் மந்தமாகவோ இருந்தால் முதலில் விரலில் குத்தி சுகர் பாருங்கள், ஏனென்றால் சுகர் இறங்கினாலும் இதே தோற்றம்தான். சுகர் சரியாக இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது என்றால் யோசிக்காமல் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மேலே போட்ட கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. கிரியேட்டினின் நிலையாக இருக்கும்போதுதான் அது பொருந்தும். வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பது, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, இவற்றில் ஏதாவது நடந்தால் சிறுநீரகம் இன்றைக்கே சரிந்திருக்கும், ரத்தத்தில் எண் ஏற ஓரிரு நாள் ஆகும். அந்த நாட்களில் 23 என்பது பழைய கணக்கு. உடனே போன் செய்து கேளுங்கள். அம்மா மெட்ஃபார்மினும் போடுகிறார் என்றால் அதையும் அப்போதே கேளுங்கள். அதுவும் மாறாமல் சிறுநீரகம் வழியாகவே போவது. அதற்கு லேபின் இ.ஜி.எஃப்.ஆர். எண்தான் கணக்கு, 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். 34-ல் பாதி அளவு, நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். இப்போது எவ்வளவு போடுகிறார் என்று இன்றே அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.