கருப்பட்டி பார்சலின் சுங்கத் தாளை அரபியில் எழுதுவது

கேள்வி: கீழக்கரையிலிருந்து ஜித்தாவில் இருக்கும் காக்காவுக்குக் கருப்பட்டி அனுப்புறோம். சுங்கத் தாளை போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அதை அரபியில் எப்படி எழுதுறது?

பதில்: தாளில் ‘பாம் ஜாகரி’ என்று இருக்கும். அதை ‘சுக்கர் நகீல்’ என்று மட்டும் எழுதினால், படிக்கிறவருக்கு நகீல் என்றதும் பேரீச்சைதான் நினைவுக்கு வரும். ‘சுக்கர் ஸுல்ப் மின் உஸாரத் நகீல் அல்பல்மைரா’ என்று விரித்து எழுதுங்கள்: பனஞ்சாற்றிலிருந்து எடுத்த கட்டிச் சர்க்கரை. ‘உஸாரா’ மரத்தின் சாறு, ‘அஸீர்’ குடிக்கும் பழச்சாறு. ‘நபீத்’ எங்கும் வரவே கூடாது, இன்றைய அரபியில் அது மது.

நிகர எடை ‘ஸாஃபீ’, பெட்டியோடு சேர்ந்தது ‘இஜ்மாலீ’. 2 கிலோ கருப்பட்டி, பெட்டியோடு 2.4 கிலோ என்றால் இந்த இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது.

‘நனையாமல் வை’ என்பதற்கு ‘யுஹ்ஃபழ் ஜாஃப்ஃபன்’. ‘ஜஃப்ஃபிஃப்’ என்று போட்டால் ‘உலர்த்து’ என்று ஆகிவிடும்! குடைப் படம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள்.

அஞ்சல் கண்காணிப்பு எண்ணை மொழிபெயர்க்காமல் தனி வரியில் வையுங்கள். அரபி வரிக்குள் நுழைத்தால் திரையில் அதன் துண்டுகள் இடம் மாறித் தெரியலாம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN; எண்ணிப் பாருங்கள், 13 வர வேண்டும்.